STOP: எதை நிறுத்தணும்?

என் முதல் வேலையில் எஸ்.எம்.எஸ். சர்வர் லாக்கைப் பார்த்துட்டு இருந்தேன். ஒரு நம்பரிலிருந்து முதல் முறையா ஒரு மெசேஜ்: STOP. வேற எதுவும் இல்லை. நாங்க அவருக்கு மூணு வகை மெசேஜ் அனுப்பிட்டு இருந்தோம். எதை நிறுத்தச் சொல்றார்?

அவர் போன்ல எங்க பழைய மெசேஜ் எல்லாம் மேலே தெரியும். ஆனா எஸ்.எம்.எஸ். அதைச் சுமந்துட்டு வராது. யார் அனுப்பினாங்க, எந்த நம்பருக்கு, எப்போ, என்ன எழுத்து, அவ்வளவுதான். எந்த மெசேஜுக்கு இது பதில்ங்கிற குறிப்பே கிடையாது.

இந்தச் சிக்கலை அமெரிக்கச் சட்டம் எப்படிக் கையாண்டதுங்கிறதுதான் இன்னைக்குக் கதை. அங்கே தொல்லை அழைப்புகளுக்கு எதிரான சட்டம் வந்தது 1991-ல். உலகத்தின் முதல் எஸ்.எம்.எஸ். போனது 1992 டிசம்பர்ல. 2003-ல் தான் எஃப்.சி.சி., அதாவது அந்த ஊர் தொலைத்தொடர்பு ஆணையம், டெக்ஸ்ட் மெசேஜும் அழைப்பு மாதிரிதான்னு சொன்னது. சம்மதம் இல்லாம தானியங்கி மெசேஜ் அனுப்பினா ஒவ்வொண்ணுக்கும் 500 டாலர். தெரிஞ்சே செஞ்சா 1,500 வரை.

இங்கே ஒரு பொறி இருந்தது. STOP வந்ததுமே சம்மதம் முடிஞ்சது. அப்போ "நிறுத்திட்டோம்"னு ஒரு பதில் அனுப்பினா, அதுவே சம்மதம் இல்லாத மெசேஜ் தானே? நிஜமாவே இதை வச்சு வழக்குப் போட்டாங்க. 2012 நவம்பர்ல எஃப்.சி.சி. தீர்த்து வச்சது: ஒரே ஒரு உறுதிப்படுத்தும் பதில் அனுப்பலாம், அதில் விளம்பரம் கூடாது. அஞ்சு நிமிஷத்துக்குள்ள போனா கேள்வி இல்லை; தாமதமானா அது நியாயம்னு அனுப்பினவர்தான் நிரூபிக்கணும்.

ஆனா "எதை?"ங்கிற கேள்வி அப்படியே இருந்தது. 2024-ல் வந்த விதி அதுக்குப் பதில் சொன்னது. ஒரு மருந்துக்கடை உங்களுக்குத் தள்ளுபடி மெசேஜும் அனுப்புது, "மருந்து ரெடி" மெசேஜும் அனுப்புதுன்னு வைங்க. காலை 10 மணிக்கு STOP அனுப்புறீங்க. 10:05-க்குள்ள கடை கேட்கலாம்: "எல்லாத்தையும் நிறுத்தணுமா, தள்ளுபடி மட்டுமா?" அந்த ஒரே பதிலுக்குள்ளேயே கேட்டுக்கணும், திரும்பத் திரும்பக் கேட்க முடியாது.

நீங்க பதிலே போடலைன்னா? சம்மதம் தேவைப்படுற எல்லா மெசேஜும் நிக்கணும். கேள்வி கேட்டது கடை. அதனால மௌனத்தோட நஷ்டமும் கடைக்குத்தான். இல்லைன்னா ஒரு குழப்பமான கேள்வியை அனுப்பிட்டு, பதில் வரலைன்னு சொல்லி விளம்பரத்தைத் தொடர்ந்துடலாம்.

இதுக்கு விலையும் உண்டு. தள்ளுபடித் தொல்லைக்காக STOP போட்டவருக்கு "மருந்து ரெடி" மெசேஜும் நின்னு போகலாம். அதனாலதான் அந்த ஒரு கேள்வி தெளிவா இருக்கணும்.

என் பழைய கோட் முதல்ல கேள்வி கேட்கும், பதில் வந்தாதான் நிறுத்தும். பதில் வராதவங்களுக்கு எல்லா மெசேஜும் போயிட்டே இருந்தது. இன்னைக்கு எழுதினா வரிசையை மாத்துவேன்: முதல்ல எல்லாத்தையும் நிறுத்து, அப்புறம் கேளு.