ஈரணு மூலக்கூறின் சுழற்சிப் பங்கீட்டுச் சார்பு

ஈரணு மூலக்கூறின் சுழற்சிப் பங்கீட்டுச் சார்பு என்பது, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அம்மூலக்கூறு எத்தனை சுழற்சி நிலைகளில் பரவியிருக்க முடியும் என்பதைக் காட்டும் எண் ஆகும். புள்ளியியல் இயங்கியலில் இது q எனக் குறிக்கப்படுகிறது. வளிமம் ஒன்றின் எந்திரோப்பியில் (சிதறம் எனவும் வழங்குவர்) சுழற்சியின் பங்கு இதிலிருந்து கணக்கிடப்படுகிறது. இக்கணக்கில் சமச்சீர் எண் என்னும் சிறிய எண் ஒன்று இடம்பெறுகிறது. இரு முனைகளிலும் ஒரே வகை அணுக்கருவைக் கொண்ட மூலக்கூறுக்கு அது 2, மற்றவற்றுக்கு 1. இவ்வெண்ணை விட்டுவிட்டால் எந்திரோப்பியில் மோலுக்கு 5.76 யூல்/கெல்வின் பிழை நேரும். நைட்ரசன், கார்பன் மோனாக்சைடு ஆகிய இரு வளிமங்களையும் ஒப்பிட்டால் இது தெளிவாகத் தெரியும். இவ்விரண்டின் மூலக்கூற்று நிறை ஏறக்குறைய ஒன்றே (28). பிணைப்பின் நீளமும் மிக அருகில் உள்ளது. ஆயினும் அவற்றின் எந்திரோப்பிகள் வேறுபடுகின்றன.

## ஆற்றல் நிலைகளும் கூட்டுத்தொகையும்

மூலக்கூறை நீளம் மாறாத விறைப்பான சுழலியாகக் கொண்டால், அதன் சுழற்சி ஆற்றல் J(J+1) என்னும் பெருக்கத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. இங்கு J என்பது சுழற்சிக் குவாண்டம் எண். அது 0, 1, 2, 3 என மதிப்புகளை ஏற்கும். ஒவ்வொரு J-க்கும் ஒரே ஆற்றலுடைய 2J+1 நிலைகள் உள்ளன. எனவே பங்கீட்டுச் சார்பு பின்வருமாறு அமையும்:

q = Σ (2J+1) exp[−θ J(J+1)/T]

θ = h² / (8π² I k)

இங்கு I நிலைமத் திருப்புத்திறன். h பிளாங்க் மாறிலி. k போல்ட்சுமான் மாறிலி. θ வெப்பநிலையின் அலகிலேயே அமைவதால் அது *சுழற்சிக்குரிய வெப்பநிலை* எனப்படும். கனமான, நீண்ட மூலக்கூறுகளுக்கு I பெரிது; ஆகவே θ சிறிது. நைட்ரசனுக்கு θ = 2.863 கெல்வின், கார்பன் மோனாக்சைடுக்கு 2.766 கெல்வின். மிக இலேசான ஐதரசனுக்கோ அது ஏறக்குறைய 85 கெல்வின் ஆகும்.

## உயர் வெப்பநிலை எல்லை

"உயர் வெப்பநிலை" என்பது இங்கு T, θ-வைவிடப் பன்மடங்கு பெரிது என்பதையே குறிக்கும்; சூடான உலையைக் குறிப்பதன்று. நைட்ரசன் 77 கெல்வினில் கொதிக்கிறது. அந்தக் கடுங்குளிரிலும் T/θ ஏறத்தாழ 27 ஆக இருப்பதால், இயல்பு அழுத்தத்தில் நைட்ரசன் வளிமமாக உள்ள வரையில் அது உயர் வெப்பநிலை எல்லைக்குள்ளேயே இருக்கிறது எனலாம்.

இந்நிலையில் அடுத்தடுத்த உறுப்புகள் மெதுவாகவே மாறுவதால், கூட்டுத்தொகைக்குப் பதிலாகத் தொகையீட்டைப் பயன்படுத்தலாம். x = J(J+1) எனக் கொண்டால் dx = (2J+1)dJ ஆகும். எனவே 2J+1 என்னும் காரணி தானாகவே dx-க்குள் அடங்கிவிடுகிறது. எஞ்சும் exp(−θx/T) என்பதைச் சுழியிலிருந்து முடிவிலி வரை தொகையிட்டால் T/θ கிடைக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு 298.15 கெல்வினில் இது 107.8. அதாவது சுழற்சி நிலைகளுள் ஏறத்தாழ நூற்றெட்டு நிலைகள் பயன்பாட்டில் உள்ளன என்று பொருள். இவற்றுள் மிகுதியான மூலக்கூறுகளைக் கொண்ட மட்டம் J = 7 ஆகும்; மிகத் தாழ்ந்த மட்டமான J = 0 அன்று.

## சமச்சீர் எண் எங்கிருந்து வருகிறது

பாடநூல்கள் பலவற்றில், நைட்ரசன் மூலக்கூறை 180 பாகை திருப்பினால் முன்பிருந்த நிலையிலிருந்து பிரித்தறிய முடியாது, ஆதலால் ஒவ்வொரு நிலையும் இருமுறை எண்ணப்பட்டுவிடுகிறது, அதனால் 2-ஆல் வகுக்கிறோம் என்று விளக்கப்படும். இவ்விளக்கம் சரியான விடையைத் தருகிறது. எனினும் உண்மைக் காரணம் அணுக்கருக்களின் தற்சுழற்சியில் உள்ளது.

நைட்ரசன்-14 அணுக்கருவின் தற்சுழற்சி 1. அது ஒரு போசான். ஆகவே இரு அணுக்கருக்களையும் இடமாற்றினால் மூலக்கூறின் முழு அலைச் சார்பு குறி மாறாமல் இருக்கவேண்டும். இடமாற்றத்தின்போது இரட்டை J நிலைகள் குறி மாறுவதில்லை. ஒற்றை J நிலைகள் குறி மாறுகின்றன. இரு அணுக்கருக்களின் தற்சுழற்சிகள் சேர்ந்து 9 நிலைகளைத் தருகின்றன. அவற்றுள் 6 குறி மாறாதவை. 3 குறி மாறுபவை. எனவே இரட்டை J நிலை ஒவ்வொன்றும் 6 என்னும் எடையுடனும், ஒற்றை J நிலை ஒவ்வொன்றும் 3 என்னும் எடையுடனும் கூட்டுத்தொகையில் சேர்கின்றன.

உயர் வெப்பநிலையில் இரட்டை J உறுப்புகளின் கூட்டும் ஒற்றை J உறுப்புகளின் கூட்டும் சமமாகி, ஒவ்வொன்றும் T/2θ ஆகின்றன. மொத்தம் (6+3) × T/2θ, அதாவது 9 × T/2θ. இதில் 9 என்பது அணுக்கருத் தற்சுழற்சிக்கு உரியது. வேதிவினைகளில் அணுக்கருக்கள் மாறாததால் அக்காரணி இருபுறமும் நீங்கிவிடும். வழக்கமான எந்திரோப்பி அட்டவணைகளிலும் அது சேர்க்கப்படுவதில்லை. அதை நீக்கியபின் எஞ்சும் T/2θ-இல் உள்ள 2 தான் சமச்சீர் எண். பொதுவாக,

q = T / (σθ)

என எழுதலாம். ஆக்சிசன்-16 அணுக்கருவின் தற்சுழற்சி சுழி. அங்கு இரட்டைப்படைச் சுழற்சி நிலைகள் முற்றிலும் இல்லை. ஒற்றைப்படை நிலைகள் மட்டுமே உள்ளன. பாதி நிலைகள் இல்லாமற் போவதால் அங்கும் σ = 2.

இந்த 6:3 எடை, வெறும் கணக்கு அன்று. நைட்ரசனின் இராமன் நிறமாலையில் கோடுகள் ஒன்றுவிட்டு ஒன்று 2:1 என்னும் செறிவில் மாறி மாறித் தோன்றுவதைக் கண்ணால் காணலாம். இரசெட்டி 1929-இல் எடுத்த இந்நிறமாலையைக் கொண்டு, அதே ஆண்டில் ஐட்லர், எர்சுபெர்க்கு ஆகியோர் நைட்ரசன் அணுக்கரு போசான் போல் நடந்துகொள்கிறது எனக் காட்டினர். அணுக்கருவில் 14 புரோட்டான்களும் 7 எலக்ட்ரான்களும் உள்ளன என்று அக்காலத்தில் கருதப்பட்டது. அவ்வாறாயின் 21 துகள்கள் இருப்பதால் அது போசானாக இருக்கமுடியாது. 1932-இல் சாட்விக்கு நியூட்ரானைக் கண்டறிந்த பின்னரே, 7 புரோட்டான் 7 நியூட்ரான் என இம்முரண்பாடு தீர்ந்தது.

## எந்திரோப்பி

உயர் வெப்பநிலையில் சுழற்சியின் உள்ளாற்றல் ஒரு மோலுக்கு RT ஆகும். S = U/T + R ln q என்பதில் இதை இட,

S = R [ ln(T/σθ) + 1 ]

எனக் கிடைக்கிறது. இதனை 298.15 கெல்வினில் இரு வளிமங்களுக்கும் பயன்படுத்துவோம்.

நைட்ரசன்: q = 298.15/(2 × 2.863) = 52.07, இயல்மடக்கை 3.953. ஆகவே S = 8.3145 × 4.953 = 41.18 யூல்/(மோல்·கெல்வின்).

கார்பன் மோனாக்சைடு: q = 298.15/2.766 = 107.8, இயல்மடக்கை 4.680. ஆகவே S = 8.3145 × 5.680 = 47.23 யூல்/(மோல்·கெல்வின்).

வேறுபாடு 6.05. இதில் 5.76 என்பது R ln 2. அதாவது முழுவதும் சமச்சீர் எண்ணால் வந்தது. எஞ்சிய 0.29 மட்டுமே நிலைமத் திருப்புத்திறன்களின் சிறு வேறுபாட்டால் வருவது.

இவ்விடைகளைச் சரிபார்க்கவும் வழி உண்டு. மூலக்கூற்று நிறை 28 உடைய வளிமத்துக்கு 1 பார் அழுத்தத்தில் இடப்பெயர்ச்சி எந்திரோப்பி 150.42 ஆகும். அதனுடன் கூட்டினால் நைட்ரசனுக்கு 191.60, கார்பன் மோனாக்சைடுக்கு 197.65 எனப் பெறுகிறோம். அட்டவணைகளில் உள்ள மதிப்புகள் முறையே 191.61, 197.66. இந்த வெப்பநிலையில் அதிர்வின் பங்கு புறக்கணிக்கத்தக்கது. நைட்ரசனுக்கு σ-வை மறந்திருந்தால் 197.36 என வந்திருக்கும். திண்ம நிலையிலிருந்து தொடங்கி வெப்ப அளவீடுகளால் பெறப்படும் மதிப்பு ஏறக்குறைய 192 ஆதலால், பிழை உடனே தெரிந்துவிடும்.

கார்பன் மோனாக்சைடில் மாணவர்கள் குழப்பிக்கொள்ளும் ஒரு செய்தி உண்டு. 1932-இல் கிளேட்டன், ஜியோக்கு ஆகியோர் வெப்ப அளவீட்டால் பெற்ற மதிப்பு, நிறமாலையிலிருந்து கணக்கிட்ட மதிப்பைவிட 4 முதல் 5 யூல் வரை குறைவாக இருந்தது. இக்குறை R ln 2-க்கு அருகில் இருந்தாலும் சமச்சீர் எண்ணுடன் தொடர்புடையதன்று. படிகம் உருவாகும்போது மூலக்கூறுகள் CO எனவும் OC எனவும் ஒழுங்கின்றி அமர்ந்துவிடுவதால் திண்மத்திலேயே எஞ்சிவிடும் எந்திரோப்பி அது. கணக்கிட்ட மதிப்பே இங்கு சரியானது.

## ஓரிடத்தான் பரிமாற்றம்

ஒரு நைட்ரசன் அணுவை 15 நிறையுடைய ஓரிடத்தானால் மாற்றினால், இரு முனைகளும் வேறாகி σ = 1 ஆகிவிடுகிறது. இதன் விளைவைப் பின்வரும் சமநிலையில் காணலாம்:

¹⁴N₂ + ¹⁵N₂ ⇌ 2 ¹⁴N¹⁵N

உயர் வெப்பநிலையில் நிறை வேறுபாடுகளின் விளைவுகள் ஏறக்குறைய நீங்கிவிட, சமநிலை மாறிலி (2 × 2)/(1 × 1) = 4 என்னும் மதிப்பை நெருங்குகிறது. நாணயங்கள் இரண்டைச் சுண்டினால் கலப்பு விளைவு இருவகையில் வருவதைப் போல, அணுக்கள் தற்செயலாக இணைந்தாலும் 1:2:1 என்னும் விகிதமும் அதே 4-உம் கிடைக்கும்.

## வாய்பாட்டின் எல்லை

கூட்டுத்தொகைக்கும் தொகையீட்டுக்கும் உள்ள முதல் திருத்தம் 1 + θ/3T என்னும் காரணியாகும். அறை வெப்பநிலையில் நைட்ரசனுக்கு இது 0.3 விழுக்காடு. ஐதரசனுக்கோ தொகையீடு 1.75 எனத் தர, உறுப்புகளை நேரடியாகக் கூட்டி 2-ஆல் வகுத்தால் 1.92 வருகிறது, வேறுபாடு ஏறத்தாழ 10 விழுக்காடு. வியப்பாக, எந்திரோப்பியில் இப்பிழை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. ln q-இல் சேரும் θ/3T-யும் உள்ளாற்றலில் குறையும் θ/3T-யும் ஒன்றையொன்று நீக்குவதே காரணம். அறை வெப்பநிலை ஐதரசனின் சுழற்சி எந்திரோப்பியில் எஞ்சும் பிழை 0.1 யூலுக்கும் குறைவு.

வெப்பநிலை θ-வை நெருங்கும்போது நிலைமை வேறு. இரட்டை, ஒற்றை J கூட்டுகள் சமமாக இரா. ஆகவே 2-ஆல் வகுப்பது பொருளற்றதாகிவிடும். ஐதரசன் அணுக்கருவின் தற்சுழற்சி 1/2. அதனால் இரட்டை J நிலைகளுக்கு எடை 1 (பாரா ஐதரசன்), ஒற்றை J நிலைகளுக்கு எடை 3 (ஓர்த்தோ ஐதரசன்). இவ்விரு வகைகளும் வினையூக்கி இல்லாமல் மிக மெதுவாகவே ஒன்று மற்றொன்றாக மாறுவதால், குளிர்விக்கப்படும் ஐதரசன் 3:1 என்னும் அறை வெப்பநிலை விகிதத்திலேயே உறைந்து நிற்கிறது. இக்கலவையைக் கருத்திற்கொண்டு 1927-இல் டெனிசன், ஐதரசனின் தாழ்வெப்பநிலை வெப்பக் கொள்ளளவை விளக்கினார். 1929-இல் போனோஃபர், ஆர்ட்டெக்கு ஆகியோர் கரியை வினையூக்கியாகக் கொண்டு பாரா ஐதரசனைத் தனியே பெற்றனர். இத்தகைய வெப்பநிலைகளில் இரு கூட்டுகளையும் தனித்தனியே, உறுப்பு உறுப்பாகக் கணக்கிடுதல் வேண்டும்.