ஊதியச் சீட்டில் ஒரு வரி: இ.எஸ்.ஐ. பிடித்தமும் நிகர ஊதியமும்

இந்தியத் தொழிலாளரின் ஊதியச் சீட்டில் ‘இ.எஸ்.ஐ.’ என்ற வரி பெரும்பாலும் மிகச் சிறிய தொகையையே காட்டும். ஊதிய வரலாற்றை ஆராய்வோர் அதனைக் கடந்து சென்றுவிடுகின்றனர். ஆனால், மருத்துவப் பாதுகாப்பின் செலவைத் தொழிலாளரின் கூலியிலிருந்து எவ்வளவு எடுக்கலாம், எப்போது எடுக்கலாம் என்ற வழக்கின் முடிவே அந்த வரி.

பேராசிரியர் பி. பி. அதார்க்கர் 1944இல் அளித்த அறிக்கை, கட்டாயப் பங்களிப்பை அடிப்படையாகக் கொண்ட உடல்நலக் காப்பீட்டை முன்வைத்தது. அதன் வழியில் 1948இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் பிறந்தது. மாத ஊதியம் 400 ரூபாயைத் தாண்டாதோர் மட்டுமே அன்று அதன் எல்லைக்குள் வந்தனர். மிகக் குறைந்த நாட்கூலி பெறுவோரிடம் பிடித்தமே இல்லை. அவர்களுக்காக முதலாளி மட்டும் செலுத்தவேண்டும். இவ்விலக்கு, வரம்பு மாறினாலும், இன்றளவும் தொடர்கிறது.

திட்டம் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. அதற்கு முன்பே ஒரு சிக்கல் எழுந்தது. திட்டம் நடைமுறைக்கு வரும் நகரத்தின் ஆலைகள் மட்டும் பணம் செலுத்தினால், பிற நகர ஆலைகளோடு போட்டியிடுவது எப்படி? 1951ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு விடை கண்டது. முதலாளிகளின் சிறப்புப் பங்களிப்பு நாடு முழுவதற்கும் விரிந்தது. தொழிலாளரின் பங்கோ, திட்டம் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் மட்டுமே பிடிக்கப்பட்டது. பயன் கிட்டாத இடத்தில் கூலி குறையக்கூடாது என்பதே இதன் பொருள்.

சட்டத்தின் 40ஆம் பிரிவு நிகர ஊதியத்திற்கு மேலும் அரண் அமைத்தது. இரு பங்கையும் முதலில் முதலாளியே செலுத்தவேண்டும். பின்னரே தொழிலாளரின் பங்கைக் கூலியில் கழிக்கலாம். அதுவும் அந்தப் பங்களிப்புக்குரிய காலத்தின் கூலியிலிருந்து மட்டுமே. பிடிக்கத் தவறிய தொகையைப் பின்வரும் மாதங்களில் சேர்த்துப் பிடிக்க இயலாது. முதலாளியின் பங்கைக் கூலியிலிருந்து கழிப்பதற்கும் தடை உண்டு. அதற்கு மாறான ஒப்பந்தம் செல்லாது. எனினும், முதலாளியின் பங்கையும் ‘மொத்தச் செலவு’க்குள் அடக்கிக் காட்டும் இன்றைய நியமனக் கடிதங்கள், கூலியைத் தொடக்கத்திலேயே குறைவாக நிர்ணயிக்க வழிவிடுகின்றன. அங்கே கழித்தல் நிகழ்வதில்லை; ஆகவே தடையும் அங்கே எட்டுவதில்லை.

விகிதத்தின் விளைவை எளிய கணக்கில் காணலாம். 1997 முதல் தொழிலாளரின் பங்கு 1.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 4.75 விழுக்காடு. 2019 ஜூலை 1 முதல் அவை முறையே 0.75, 3.25 என்று குறைந்தன. மாதம் 20,000 ரூபாய் பெற்றவரின் பிடித்தம் 350இலிருந்து 150 ஆயிற்று. ஊதியம் உயராமலேயே கைக்கு 200 ரூபாய் கூடுதலாக வந்தது. முதலாளிக்கு மிஞ்சியது 300 ரூபாய்.

ஆனால் நிகர ஊதியத்தை உண்மையில் புரட்டிப்போடுவது விகிதமன்று, உச்சவரம்பு. அது 2017 ஜனவரி முதல் 21,000 ரூபாய். ஏப்ரலில் 20,800 ரூபாய் பெற்ற ஒருவருக்கு ஜூனில் 21,500 கிடைக்கிறது எனக் கொள்வோம். பங்களிப்புக் காலம் செப்டம்பரில் முடியும்வரை பிடித்தம் நிற்காது. முழு 21,500க்கும் 0.75 விழுக்காடு, அதாவது 161.25 ரூபாய், பைசா மேல்நோக்கி முழுமையாக்கப்பட்டு 162 பிடிக்கப்படும். அக்டோபரில் அந்த 162 ரூபாய் கைக்கு வரும். அதற்கு இணையான பயன்பெறும் காலம் அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை நீடிப்பதால், இழப்பு உடனே தெரியாது. அதன்பின் குடும்பத்தின் மருத்துவப் பாதுகாப்பு விலகுகிறது. அதனை ஈடுசெய்ய வெளியில் வாங்கும் காப்பீட்டின் பிரீமியமோ ஊதியச் சீட்டில் பதிவாகாது. சீட்டு ஏற்றம் காட்டும். வீட்டுக் கணக்கு இறக்கம் காட்டும்.

ஆகவே, ஊதியச் சீட்டுகளைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், ஏப்ரலிலும் அக்டோபரிலும் தோன்றும் சிறு ஏற்றங்களை ஊதிய உயர்வு என்று உடனே எழுதிவிடலாகாது. மொத்த ஊதியம் மாறாமல் இ.எஸ்.ஐ. வரி மட்டும் மறைந்திருந்தால், அத்தொழிலாளர் உச்சவரம்பைத் தாண்டி வெளியேறியவராக இருக்கலாம். முந்தைய ஆறு மாதச் சீட்டுகளை அருகில் வைத்து, அவரது ஊதியம் எந்த மாதத்தில் வரம்பைக் கடந்தது என்று பார்த்தால் இது தெளிவாகும்.