காதல் குறைந்துவிட்டால் எப்படிச் சொல்வது? 'சீசன் முடியட்டும்' என்ற பதில் ஏன் அதிகம் காயப்படுத்துகிறது?

ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்காகத்தான், ஆனால் சித்தூர், திருப்பதி பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இருவரும் திருப்பதியில் ஒன்றாகப் படித்தவர்கள். மூன்று வருடக் காதல். அவள் இன்னும் திருப்பதியில், ஒரு மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறாள். அவன் சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். தினமும் வந்த ஃபோன் வாரம் ஒன்றானது. சண்டை இல்லை, துரோகம் இல்லை. அவனுக்கு அந்த உணர்வு போய்விட்டது, அவ்வளவுதான்.

"ஏன் பேசறதே இல்ல?" என்று அவள் கேட்டபோது அவன் சொன்ன பதில்: "தோத்தாபுரி சீசன்டி, மூச்சு விட நேரமில்ல. சீசன் முடியட்டும்."

கூழ் தொழிற்சாலைகளுக்கு ஜூன், ஜூலைதான் உச்ச வேலை. அது முடிந்ததும் காரணமும் முடிந்துவிடுகிறது. அவள் ஆகஸ்ட் மாதத்துக்காகக் காத்திருக்கிறாள். அவன் அடுத்த காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறான். மனசு மாறியதில் யாருக்கும் குற்றமில்லை. ஆனால் அவளைக் காக்கவைத்தது அந்தப் பதில்தான்.

தெளிவாகச் சொல்ல ஏன் தடுமாறுகிறோம்?

அமெரிக்க உளவியலாளர் ராய் பௌமைஸ்டரும் அவரது குழுவினரும் 1993-இல் ஒருதலைக் காதல் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காதலித்தவர்கள், மறுத்தவர்கள் என இரு தரப்பின் அனுபவங்களையும் எழுதி வாங்கி ஒப்பிட்டார்கள். 'நம்பிக்கை கொடுத்து ஏமாற்றினார்கள், தெளிவாக வேண்டாம் என்று சொல்லவே இல்லை' என்பது காதலித்தவர்கள் பக்கம் திரும்பத் திரும்ப வந்தது. மறுத்தவர்களோ குற்ற உணர்ச்சியிலும் குழப்பத்திலும் இருந்தார்கள். மறுப்பவருக்குக் கையில் 'வசனம்' இல்லை என்பது ஆய்வாளர்கள் சொன்ன முக்கியமான விஷயம்.

நம் சினிமாவை நினைத்துப் பார்த்தால் இது புரியும். காதலைச் சொல்ல ஆயிரம் காட்சிகள் இருக்கின்றன. மறுத்த பிறகும் விடாமல் துரத்துவதற்குக்கூட நிறைய இருக்கின்றன. "எனக்கு இப்போ உன்மேல அந்த உணர்வு இல்ல" என்று மரியாதையாகச் சொல்லும் காட்சியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்த ஆய்வு பெரும்பாலும் ஒருதலைக் காதல் பற்றியது. மூன்று வருடம் இருவரும் காதலித்த உறவில் தடுமாற்றம் இன்னும் அதிகம். எதிரில் இருப்பவர் நம்மை எவ்வளவு சார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறோமோ, அவ்வளவுக்குப் பிரிவைத் தொடங்கத் தயங்குகிறோம் என்று சமந்தா ஜோயல் குழுவினரின் 2018 ஆய்வு காட்டியது. அதாவது, தள்ளிப்போடுவதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இரக்கம். ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் மற்றவர்.

எந்த முறை குறைவாகக் காயப்படுத்துகிறது?

பிரிவைச் சொல்லும் முறைகளில் எது கனிவானது என்று சூசன் ஸ்ப்ரெக்கர் குழுவினர் 2010-இல் ஆராய்ந்தார்கள். நேருக்கு நேர் வெளிப்படையாகச் சொல்வதும், நல்ல விதமாகப் பேசி முடிப்பதும் முன்னே வந்தன. மெசேஜ் வழியாகவோ வேறு ஆள் மூலமாகவோ சொல்வதும், சூழ்ச்சியாக மற்றவரையே பிரியவைப்பதும் கடைசியில் வந்தன.

வேண்டுமென்றே எரிந்து விழுந்து, "போதும்டா சாமி" என்று அவரே போகும் அளவுக்கு உறவைக் கசக்க வைப்பதும் ஒரு சூழ்ச்சிதான். சொல்பவருக்கு இது வசதி, ஏனென்றால் கெட்ட பெயர் வராது. மற்றவரோ 'நான் என்ன தப்பு செய்தேன்' என்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார்.

எந்தக் காரணத்தைச் சொல்வது?

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. நீங்கள் சொல்லப்போகும் காரணத்துக்குக் காலாவதி தேதி இருக்கிறதா என்று பாருங்கள். 'சீசன் வேலை', 'தங்கச்சி கல்யாணம் முடியட்டும்', 'ஆன்சைட் போயிட்டு வந்துடறேன்', 'வீட்ல ஒத்துக்க மாட்டாங்க' எல்லாமே தீர்க்கக்கூடிய பிரச்சினைகள். அவற்றைக் கேட்பவர் தீர்க்கத்தான் முயற்சி செய்வார். வீட்டில் பேசிப் பார்ப்பார், வேலை மாறுவார், காத்திருப்பார். எல்லாம் தீர்ந்த பிறகும் நீங்கள் வரவில்லை என்றால், அது இரண்டாவது அடி.

உணர்வு குறைந்துவிட்டது என்பதற்கு அப்படித் தேதி கிடையாது. அதனால்தான் அதைச் சொல்வது கடினம், அதனால்தான் அதையே சொல்லவும் வேண்டும்.

இந்த எல்லைப் பகுதியில் இன்னொரு சிக்கல் மொழி. தமிழில் "அப்புறம் பாக்கலாம்", தெலுங்கில் "தர்வாத்த சூத்தாம்". கடைத்தெருவில் இரண்டுக்கும் நாசூக்கான 'இல்லை' என்றுதான் அர்த்தம். காதலில் கேட்பவருக்கு அது 'பிறகு உண்டு' என்று கேட்கும். "ஒரு பிரேக் எடுத்துக்கலாம்", "கொஞ்சம் ஸ்பேஸ் வேணும்" என்று ஆங்கிலத்துக்குத் தாவுவதும் இதே கதைதான். ஒருவர் தமிழ், ஒருவர் தெலுங்கு என்றால், முக்கியமான வாக்கியத்தை அவர் வீட்டில் பேசும் மொழியில், நேரடியாகச் சொல்லுங்கள்.

என்ன சொல்வது?

நம் உதாரணத்துக்கு வருவோம். அவன் மூன்று விஷயங்களைச் சொன்னால் போதும்: முடிவு, காரணம், திரும்பி வருவது இல்லை என்பது. இப்படிச் சொல்லலாம்:

"கஷ்டமான விஷயம் ஒண்ணு சொல்லணும். நம்ம உறவை இதோட முடிச்சுக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். உன்மேல மரியாதை இருக்கு, ஆனா காதலா இருந்த உணர்வு இப்போ எனக்கு இல்ல. சில மாசமாவே இல்ல. சீசன்னு சொன்னது சாக்கு, அது தப்பு. யோசிச்சுதான் சொல்றேன், இது மாறாது."

முதல் வாக்கியம் அவளைத் தயார்படுத்த, அது ஒன்று போதும். அரைமணி நேரம் பழைய நினைவுகளைப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தால், அந்த அரைமணி நேரமும் பிறகு பொய்யாகத் தெரியும். காரணத்தை 'எனக்கு' என்று சொல்ல வேண்டும். அவளுடைய குறைகளைப் பட்டியல் போட்டால், அவள் அதைத் திருத்திக்கொள்ள நேரம் கேட்பாள்.

மன்னிப்பு கேட்கலாமா? கில்லி ஃப்ரீட்மன் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மறுப்போடு 'சாரி' சேர்ந்தபோது கேட்டவர்களுக்கு வலி கூடியது. மனதில் மன்னிக்காவிட்டாலும், மன்னித்ததாகச் சொல்ல வேண்டிய கட்டாயமும் வந்தது. அது அன்றாடச் சமூக மறுப்புகளைப் பற்றிய ஆய்வு, காதல் முறிவைப் பற்றியது அல்ல. ஆனாலும் ஒரு பாடம் எடுக்கலாம். பொய் சாக்கு சொன்னதற்கு மன்னிப்பு கேளுங்கள், அது செய்த தவறு. உணர்வு போனதற்குத் திரும்பத் திரும்ப 'சாரி' சொன்னால், அழுதுகொண்டிருக்கும் அவளே உங்களைத் தேற்ற வேண்டிவரும்.

திரும்பக் கேட்டால்?

"வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டால், இல்லை என்பது உண்மையானால் இல்லை என்று சொல்லுங்கள். இருந்தால் மறைக்காதீர்கள். சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே செய்தி பயணிக்க ஒரு பஸ் பயண நேரம்கூட ஆகாது.

"நான் மாறிக்கறேன்" என்றால்: "நீ மாத்திக்க வேண்டியது எதுவும் இல்ல. மாறினது நான்."

"ஃப்ரெண்ட்ஸா இருக்கலாமா?" என்றால்: "இப்போதைக்கு வேணாம், பேசிட்டே இருந்தா உனக்கு நம்பிக்கை வரும்." ஆறுதலுக்காக இதற்குச் சம்மதித்துவிட்டு, தினமும் குட்மார்னிங் அனுப்புவதுதான் பலரும் சறுக்கும் இடம்.

"அப்போ கல்யாணம் பண்ணிக்கறேன்னு சொன்னது?" இதுதான் கடினமான கேள்வி. "சொன்னப்போ உண்மையாத்தான் சொன்னேன். இப்போ முடியாதுன்னு தெரிஞ்ச பிறகு இழுத்தடிக்கக் கூடாது" என்று சொல்லலாம், அது உண்மையாக இருந்தால் மட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆவது பிரிவு, நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் திருமண வாக்குறுதி கொடுத்து ஒரு பெண்ணுடன் உடலுறவு கொள்வதைக் குற்றமாக்குகிறது. 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தொடக்கத்திலேயே பொய்யான வாக்குறுதி வேறு, நல்ல எண்ணத்தில் கொடுத்துப் பின்னர் நிறைவேற்ற முடியாமல் போனது வேறு என்று உச்ச நீதிமன்றம் பிரமோத் சூர்யபான் பவார் வழக்கில் 2019-இல் பிரித்துக் காட்டியது. பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு அது. மனசு மாறியது தெரிந்த பிறகும் கல்யாணப் பேச்சைத் தொடர்வது மனசாட்சிக்கும் சரியல்ல, சட்டப்படியும் ஆபத்து.

முடிப்பவர் பெண்ணாக இருந்தால் 78-ஆவது பிரிவு முக்கியம். பெண் தெளிவாக விருப்பமின்மையைக் காட்டிய பிறகும் ஒரு ஆண் பின்தொடர்ந்தாலோ, மீண்டும் மீண்டும் தொடர்புகொண்டாலோ அது குற்றம். முதல் முறைக்கு 3 ஆண்டு வரை சிறை. 'தெளிவாக' என்ற சொல் இங்கே கவனிக்க வேண்டியது. நேரில் சொன்னதை அன்றே ஒரு வரி மெசேஜாகவும் அனுப்பி வைத்தால் பிறகு உதவும்.

எங்கே, எப்போது?

அவன் திருப்பதிக்குப் போய்ச் சொல்ல வேண்டும், அவளைச் சித்தூருக்கு வரவழைக்கக் கூடாது. இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு அவள் தனியாகப் பஸ்ஸில் உட்கார்ந்து வரும்படி ஆகக்கூடாது. பகல் நேரம், அவளுக்கு மறுநாள் விடுமுறை, பக்கத்தில் ஒரு தோழி. ஆள் நடமாட்டம் உள்ள, ஆனால் தெரிந்தவர்கள் வராத இடமாக இருக்கட்டும். பிறந்தநாள், தேர்வு, வீட்டில் துக்கம் என்றால் சில நாள் தள்ளலாம். மாதக்கணக்கில் தள்ளினால் அது மறுபடியும் 'சீசன்' சாக்கு ஆகிவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அடி, மிரட்டல், படங்களை வெளியிடுவேன் என்ற பயமுறுத்தல் இருந்த உறவென்றால் நேரில் சந்திக்க வேண்டியதில்லை. வீட்டிலோ நண்பரிடமோ சொல்லிவிட்டு, ஃபோனிலோ மெசேஜிலோ முடிப்பதே பாதுகாப்பு. அவசரத்துக்கு 112. பிரிந்த பிறகு இருவரில் யாருக்காவது தாங்க முடியவில்லை என்றால் அரசின் டெலி மானஸ் 14416 எண்ணில் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் தெலுங்கிலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

கடன், பொருட்கள், பாஸ்வேர்ட், ஃபோனில் உள்ள தனிப்பட்ட படங்கள் ஆகியவற்றை அன்றே பேச வேண்டாம். "அதையெல்லாம் அடுத்த வாரம் ஒரு மெசேஜ்ல முடிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாரத்திலேயே முடித்துவிடுங்கள். படங்களை அழித்துவிட்டதையும் தெரிவியுங்கள். அதன் பிறகு அவளுடைய ஸ்டேட்டஸுக்கு ஹார்ட் போடுவதை நிறுத்திக்கொள்ளுங்கள். அவளுக்கு அதுவும் ஒரு 'அப்புறம் பாக்கலாம்'தான்.