லயத்துக் காம்பராவிலிருந்து கக்கூஸ் வரை: இரவு வழிக்கு மூன்று சிறு விளக்குகள்

ஆள் நடந்தால் தானாக எரியும் சென்சர் விளக்கைப் பற்றி எழுதுபவர்கள், படுக்கையறையும் கழிவறையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதாக எடுத்துக்கொண்டே எழுதுகிறார்கள். ஹட்டன், நுவரெலியா பக்கத்துப் பழைய லயங்கள் பலவற்றில் நிலைமை வேறு. காம்பராவை விட்டு இஸ்தோப்புக்கு வந்து, படி இறங்கி, கானைத் தாண்டினால்தான் கக்கூஸ். இந்த வழியைத்தான் என் அப்பாயியும் அண்ணனின் ஆறு வயது மகளும் இரவில் நடக்கிறார்கள். அவர்களுக்காக மூன்று விளக்குகள் பொருத்தினேன்.

இந்த விளக்கிலுள்ள சென்சர் உடம்புச் சூட்டின் அசைவைக் கவனிக்கிறது. ஒருவர் அதற்குக் குறுக்கே போனால் உடனே பிடித்துக்கொள்ளும். நேராக அதை நோக்கி வந்தால் தாமதமாகத்தான் எரியும். அதனால் விளக்கை வழியின் முடிவில் எதிரே வைக்காமல் பக்கச் சுவரில் வைக்க வேண்டும். உயரம் தரையிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை அடி போதும். வெளிச்சம் தரையில் விழும், கண்ணைக் கூசாது. வெள்ளை நிறத்தை விட மஞ்சள் ஒளி நல்லது, திரும்பி வந்து படுத்ததும் தூக்கம் பிடிக்கும்.

முதல் விளக்கைக் கட்டிலுக்குக் கீழே, கால் தரையில் படும் பக்கமாக வைத்தேன். மெத்தை மட்டத்துக்கு மேலே வைத்திருந்தால், புரண்டு படுக்கும்போதெல்லாம் எரியும். இரண்டாவது, இஸ்தோப்பில் நிலைப்படியை ஒட்டி. மூன்றாவது, படிகளின் பக்கச் சுவரில். படிக்கு விளக்கை மேலே பின்புறம் வைத்தால் இறங்குபவரின் நிழலே படியை மறைக்கும். கீழே எதிரில் வைத்தால் கண் கூசும். பக்கத்திலிருந்து ஒளி விழும்போது ஒவ்வொரு படியின் விளிம்பும் தனியாகத் தெரியும். விளிம்புகளில் வெள்ளைப் பெயின்ட் அடித்தது இன்னும் உதவியது.

சுண்ணாம்பு அடித்த சுவரில் பெட்டியோடு வரும் ஒட்டும் டேப் நிற்காது, சுண்ணாம்போடு உரிந்து வந்துவிடும். சிறு பலகைத் துண்டைச் சுவரில் அறைந்து, விளக்கை அதில் திருகினேன். மழை படும் மூன்றாவது விளக்குக்குப் பெட்டியில் ‘ஐ.பி. 65’ என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கினேன். சோலார் விளக்கு வேண்டாமென்று விட்டதற்குக் காரணம், தென்மேற்குப் பருவத்தில் நாள் முழுக்க மூடும் பனிமூட்டம். ஃபோன் சார்ஜரில் ஏற்றும் வகை, கரண்ட் போன இரவிலும் எரியும்.

சார்ஜ் எவ்வளவு நாள் வரும்? நாங்கள் வாங்கிய வகை எரியும்போது சுமார் 60 மில்லிஅம்பியர் எடுக்கிறது, ஒரு தடவைக்கு 20 விநாடி எரிகிறது. இரவில் எட்டுத் தடவை எரிந்தால் மூன்று மில்லிஅம்பியர்-மணி கூடச் செலவாகாது. சென்சர் விழித்திருக்க நாளுக்கு இன்னும் அவ்வளவு ஆகும். 800 மில்லிஅம்பியர்-மணி பெட்டரி கணக்குப்படி நாலைந்து மாதம் தாங்க வேண்டும். மூன்று வாரத்திலேயே இறங்கிவிட்டால், விளக்கு இரவில் நூறு தடவையாவது எரிகிறது என்று பொருள். லயத்தில் இதற்குப் பெரும்பாலும் காரணம் நாய்தான். சென்சரின் ஒரு பகுதியைக் கறுப்பு டேப்பால் மறைத்து, நாய் படுக்கும் மூலையை அது பார்க்காமல் செய்யலாம்.

ஆள் நடந்தும் எரியாவிட்டால் இரண்டு இடத்தில் பாருங்கள். இருட்டில் மட்டும் எரிவதற்காக இதில் ஒளியை உணரும் கண்ணும் உண்டு. இரண்டு விளக்குகள் எதிரெதிரே இருந்தால், முதலாவது எரிந்ததும் மற்றது பொழுது விடிந்ததென்று எண்ணி எரியாமல் இருந்துவிடும். இரண்டையும் ஒரே பக்கச் சுவருக்கு மாற்றினால் சரியாகும். அடுத்தது, விறகடுப்புப் புகை. சென்சரின் வெள்ளை மூடியில் கரி படிந்தால் அதற்குச் சூடு தெரியாது. வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கக்கூஸுக்குள் மட்டும் சென்சர் விளக்கு வைக்காதீர்கள். அசையாமல் உட்கார்ந்திருப்பவரை அது ஆளில்லை என்று எடுத்துக்கொண்டு அணைந்துவிடும். அங்கே சாதாரண குமிழும், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஒரு சுவிட்சும் வேண்டும்.

பொருத்திய இரவே எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, வீட்டில் ஆக மெதுவாக நடப்பவரோடு வழி முழுவதும் நடந்து பாருங்கள். அப்பாயி படியில் நின்று நின்று இறங்குவார். அதற்குள் 20 விநாடி முடிந்து, விளக்கு ஒரு கணம் அணைந்தது. நேரத்தை 60 விநாடிக்குக் கூட்டும் வசதியுள்ள ஒன்றைப் படிக்கு மாற்றினோம்.

பாசி பிடித்த படியையும் உடைந்த கானையும் விளக்கு காட்டித்தான் தரும், சரிசெய்யாது. கைப்பிடிக்கு ஒரு குழாயும், கான் மேல் ஒரு பலகையும் போடும் வேலை அதோடு சேர்ந்தது. கூரைக்குள்ளேயே கக்கூஸ் உள்ள வீடு கிடைக்கும்வரை அப்பாயிக்கு இந்த வழிதான்.