குறைந்த எண் பாதுகாப்பான எண் அல்ல: பூநகரி நீரேரிக் களியில் மெல்லிய குழாய் மாதிரியின் சிதைவு

பூநகரியிலிருந்து கேரதீவுக்குச் செல்லும் ஏ-32 வீதி நீரேரியைக் கடக்கும் இடத்தில், 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. இத்தகைய நீரேரி ஓரங்களில் மென்களி இருக்குமிடத்தில் அணைவீதியை எவ்வளவு உயரமாக எழுப்பலாம் என்பதை, பெரும்பாலும் குழாயில் எடுத்த மண்ணின் சோதனை எண்ணே முடிவு செய்கிறது. அந்த எண் குறைவாக வந்தால் பொறியியலாளர் அதைப் 'பாதுகாப்பான பக்கம்' என்று ஏற்றுக்கொள்வதுண்டு. இந்த வழக்கம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மெல்லிய குழாய் என்றாலும் அது களிக்குள் இடம் பிடித்தே ஆகவேண்டும். 76 மில்லிமீற்றர் வெளிவிட்டமும் 1.65 மில்லிமீற்றர் சுவரும் கொண்ட ஷெல்பி குழாயின் பரப்பு விகிதம் ஏறத்தாழ 9 சதவீதம். ஹ்வோர்ஸ்லெவ் 1949இல் முன்வைத்த 10 சதவீத எல்லைக்குள் இது அடங்கும். ஆனால் அந்த எல்லை சிதைவே இல்லை என்று சொல்லவில்லை. விட்டம் சுவரைப்போல் 40 மடங்கான குழாய் இறங்கும்போது அதன் மைய அச்சிலுள்ள மண், வாய்க்கு முன்பாக ஏறத்தாழ 1 சதவீதம் அமுங்கி, உள்ளே நுழைந்தபின் எதிர்த்திசையில் நீள்கிறது என்று பாலிக் 1985இல் கணித்துக் காட்டினார். மென்களி பல வேளைகளில் 1, 2 சதவீத விகாரத்திலேயே உச்ச வலிமையை எட்டிவிடும். ஆகவே சோதனை தொடங்குமுன்பே, களியின் துணிக்கைகளைப் பிணைத்திருந்த அமைப்பின் ஒரு பகுதி உடைந்துபோகிறது. சுவரை ஒட்டிய மண்ணின் நிலை இன்னும் மோசம்.

மேலே எடுத்தபின் இன்னொரு இழப்பு உண்டு. மேலுள்ள மண்ணின் பாரம் நீங்கியதும், மாதிரியின் நுண்துளை நீரில் உருவாகும் எதிர்மறை அழுத்தம்தான் களியை இறுக்கிப் பிடித்து வைக்கிறது. நீரேரிக் களியில் மணல் இழைகள் ஊடே ஓடினால் அவற்றிலுள்ள நீரைக் களி உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் பிடி தளர்ந்து, பயனுறு தகைப்பு குறையும். நீர் வடியவிடாமல் நேரடியாக நசுக்கும் மூவச்சுச் சோதனையில் வலிமை குறைவதற்கு இதுவே முதற்காரணம். விறைப்பு இன்னும் கூடுதலாகக் குறையும். தகைப்பு–விகார வளைவின் கூர்மையான ஏற்றம் மழுங்கி, உச்சம் 5 சதவீதத்துக்கும் அப்பால் தள்ளிப்போகும். அந்த வடிவமே சிதைவின் முதல் அடையாளம்.

கணக்கு விளங்குவதற்காக மட்டும் எடுகோள் எண்களுடன் ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நீர்மட்டம் தரைமட்டத்தில் இருக்க, 15 கிலோநியூட்டன்/கன மீற்றர் எடையுள்ள களியில் 4 மீற்றர் ஆழத்தில் மாதிரி எடுக்கப்படுகிறது. அங்கே செங்குத்துப் பயனுறு தகைப்பு ஏறத்தாழ 21 கிலோபாஸ்கல். களத்தில் வேன் சோதனையின் திருத்திய முடிவு 8 கிலோபாஸ்கல் என்றும், குழாய் மாதிரி தந்தது 5 என்றும் கொள்வோம். 19 கிலோநியூட்டன்/கன மீற்றர் எடையுள்ள நிரப்பு மண்ணுக்கும் 1.3 பாதுகாப்புக் காரணிக்கும் 5.14 என்ற தாங்கு காரணியைப் பயன்படுத்தினால், முதல் எண்ணில் அணை 1.66 மீற்றர் எழலாம். இரண்டாவதில் 1.04 மீற்றர்தான். நீரேரி வீதிக்கு அந்த அரை மீற்றருக்கு மேற்பட்ட வேறுபாடு சிறியதல்ல. அதற்காகத் தேவையற்ற மண்ணகற்றலோ, செங்குத்து வடிகாலோ, படிப்படியான நிரப்பலோ திட்டத்தில் ஏறிவிடும்.

எந்த எண்ணை நம்புவது என்பதை மாதிரியே ஓரளவு சொல்லும். அதைக் களத்தில் இருந்த தகைப்புக்கு மீண்டும் ஒடுக்கும்போது வெளியேறும் நீரை அளந்தால் போதும். தொடக்க வெற்றிட விகிதம் 2.0 ஆன மாதிரி கனவளவில் 6 சதவீதம் ஒடுங்கினால், வெற்றிட விகிதம் 0.18 குறைகிறது. இதனைத் தொடக்க மதிப்பால் வகுத்தால் 0.09. லுனே, பெரே, ஸ்ட்ராண்ட்விக் மூவரும் 1997இல் வகுத்த அளவுகோலில், மிகையொடுக்க விகிதம் 1 முதல் 2 வரையுள்ள களிக்கு 0.07 முதல் 0.14 வரை 'மோசம்'. 0.04க்குக் கீழே வந்தால் மிக நல்ல மாதிரி. அந்த அளவுகோல் கடல்சார் களிகளில் பெற்ற அனுபவத்தின் மேல் எழுந்தது. மணலும் சேதனப் பொருளும் மிகுந்த இடத்தில் அதை அப்படியே பொருத்தக்கூடாது.

'குறைந்தால் பாதுகாப்பு' என்ற எண்ணம் இங்கேதான் உடைகிறது. அதே சிதைந்த மாதிரியை மீண்டும் ஒடுக்கியபின் நசுக்கினால், நீர் வெளியேறி நெருங்கிய மண்ணைச் சோதிக்கிறோம். வலிமை களத்தைவிடக் கூடியும் வரலாம். ஈடோமீற்றரிலும் இழுவை இருதிசையானது. விளைவுத் தகைப்பு குறைவாகத் தெரிவதால் சிறு சுமையில் தாழ்வு மிகையாகக் கணிக்கப்படும். பெருஞ்சுமையில் வளைவின் சரிவு மென்மையாகிவிடுவதால் தாழ்வு குறைவாகக் கணிக்கப்படவும் கூடும். வேகமாக நசுக்குவதால் வரும் மிகையும் சிதைவால் வரும் குறையும் ஒன்றையொன்று ஈடுசெய்து சில வேளை சரியான விடை வரும். அது தற்செயல், அடுத்த துளையில் அது கைகொடுக்கும் என்று யாரும் உறுதி தரமுடியாது.

ஆகவே நான் கேட்பது களத்திலிருந்து தொடங்குகிறது. கூர்மையான வாயும் உள் இடைவெளி இல்லாமையும் கொண்ட, நிலைத்த பிஸ்டனுடன் கூடிய குழாயே இறங்கவேண்டும். துளையில் திரவ மட்டம் குறையாமல் இருக்கவேண்டும். இழுக்குமுன் சற்றுப் பொறுத்து, மண் குழாயோடு ஒட்ட விடவேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் இருக்கிறது. எனவே பூநகரி மண் தொலைதூரம் குலுங்கிப் போகவேண்டிய கட்டாயம் இல்லை. ஆய்வுகூடத்தில் முழு நீளத்தையும் தள்ளி வெளியேற்றுவதை விட, குழாயைத் துண்டாக வெட்டி, கம்பியால் ஒட்டை அறுத்து எடுப்பது மேல். அறிக்கையில் ஒவ்வொரு வலிமை எண்ணுக்கும் பக்கத்தில் அதன் வெற்றிட விகித மாற்றம் எழுதப்படவேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தால், வலிமை எண்ணைக் கொண்டு மட்டும் அணையின் உயரத்தை நிர்ணயிக்கக்கூடாது.