ஐகோர்ட்டும் ஹாயும்: கரிசல் பேச்சில் ஹகரத்தின் இடம்

கோவில்பட்டி வட்டாரத்தில் வழக்காடுவோர் மேல்முறையீட்டுக்குப் போகும் இடம், 2004 முதல், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ஊரார் பேச்சில் அது ‘ஐகோர்ட்டு’. நாளிதழிலும் அப்படியே அச்சாகிறது. அந்த நாளிதழைக் கையில் வைத்திருக்கும் கல்லூரிப் பையன் நண்பனைக் கண்டதும் சொல்வது ‘ஹாய்’. ஆங்கிலத்தில் ‘உயர்’ என்று பொருள்படும் சொல்லும் இந்த முகமன் சொல்லும் ஒலியில் ஒன்றே. தமிழில் முதல் சொல் ஹகரத்தை இழந்து ஐகாரமானது. இரண்டாவது ஹகரத்தைக் காத்துக்கொண்டு உயிரை நீட்டிக்கொண்டது. தமிழில் ஹகரம் இல்லை, ஆகவே தமிழன் நாவில் அது தங்காது என்ற வழக்கமான விளக்கம் இந்த இணையின் முன் நிற்காது. ஒலி மட்டுமல்ல, சொல்லின் வகையும் இங்கே தீர்ப்புச் சொல்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் மரபு. தொல்காப்பியத்தின் எழுத்துகளுள் ஹகரம் கிடையாது. வடசொற்கள் பெருகிய பின், வடமொழியின் முப்பத்து மூன்றாம் மெய்யாகிய ஹகரம் தமிழில் அகரமாகவும் ககரமாகவும் திரியும் என்று நன்னூல் விதித்தது. சொல்லின் முதலில் அது மறைந்து உயிர் மட்டும் நிற்கும்: அரன், அனுமன், இதம். இடையில் ககரமாகும்: மோகம், மகிமை. இந்த இரண்டாம் பாதி கவனிக்கத்தக்கது. ஏன் ககரம்? இரண்டு உயிர்களுக்கு நடுவே நிற்கும் தமிழ்க் ககரம் வல்லொலியாக இருப்பதில்லை. உரசி, தளர்ந்து, தென்மாவட்டப் பேச்சில் ஏறக்குறைய ஹகரமாகவே கேட்கிறது. கோவில்பட்டிக்காரர் ‘மகன்’, ‘வாகனம்’ என்று சொல்லும்போது உற்றுக் கேட்டால் போதும். ஒலி நாவில் இருக்கிறது. சொல்லின் தலையில் நிற்கத்தான் அதற்கு உரிமை இல்லை.

ஆங்கிலத்திலிருந்து வந்த பெயர்ச்சொற்கள் இந்தப் பழைய விதிக்கே கட்டுப்பட்டன. ‘ஓட்டல்’ இன்றும் பலகைகளில் காணும் எழுத்து. ‘ஐஸ்கூல்’ பேச்சில் உறுதி. ‘ஆஸ்பத்திரி’யையும் சேர்க்க ஆசை எழும், ஆனால் அது போர்த்துக்கீசிய வழியாக வந்திருக்கக்கூடும், அம்மொழியில் சொல்முதல் ஹகரம் ஒலிப்பதே இல்லை. எனவே அதைச் சான்றாக நிறுத்துவது முறையல்ல.

பெயர்ச்சொல் அல்லாத ஒரு கூட்டம் இந்த விதிக்கு வெளியே எப்போதும் இருந்து வந்திருக்கிறது. பெருமூச்சு விடும் ‘ஹூம்’, சிரிக்கும் ‘ஹா ஹா’, பிள்ளைகள் குதிக்கும் ‘ஹையா’. ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியாத பாட்டியும் ‘ஹூம்’ என்பாள். அவளை யாரும் ‘ஊம்’ என்று திருத்தியதில்லை. உணர்ச்சிக் குறிப்புகளுக்கும் விளிக்குறிப்புகளுக்கும் சொல்முதல் விதிகள் தளர்வது பல மொழிகளில் காணும் இயல்பு. ஹலோவும் ஹாயும் தமிழுக்குள் பெயராக வரவில்லை. கூப்பிடும் குரலாக வந்தன. அதனால்தான் ஓட்டலுக்கு மறுக்கப்பட்ட ஹகரம் அவற்றுக்குக் கிடைத்தது.

உயிரொலியும் இதையே சொல்கிறது. ‘ஹை’ என்று எழுதியிருக்கலாம். ‘டை’, ‘பை பை’ என்றெல்லாம் எழுதுகிறோமே. ஆனால் ஆனந்த விகடனின் கேள்வி–பதில் பகுதி ‘ஹாய் மதன்’ என்றே வந்தது. வாசகர் எவருக்கும் அது உறுத்தவில்லை. காரணம் தமிழின் விளிக்குறிப்புகளில் இருக்கிறது: ஏய், ஓய், டேய். நெடில் ஒன்று, அதன் பின் யகர மெய். தொலைவில் போகிறவனை நிறுத்த நெடில் வேண்டும். விளிக்கும்போது அளபு கூடுவது இலக்கணிகள் அறிந்த செய்தி. ஹாய் அந்த வரிசையில் நான்காவதாகப் போய் உட்கார்ந்துகொண்டது. ‘ஹை’யோ ஏற்கெனவே வியப்புக்கும் மகிழ்ச்சிக்கும் உரிய குறிப்பாக இருந்தது; ‘ஐ! மிட்டாய்!’ என்று குழந்தை கூவுவதும் அதுதான். பெயரடையாக வந்த ‘உயர்’ சொல்லுக்கு இந்த நீட்சி தேவைப்படவில்லை. எனவே அது ஐகாரத்தோடு நின்றது.

ஹாயில் ஹகரம் நிலைத்ததற்கு இன்னொரு காரணத்தையும் சொல்லலாம், சற்றுக் கூச்சத்தோடு. அதை விட்டால் மிஞ்சுவது ‘ஆய்’. குழந்தை வளர்த்த எவருக்கும் அதன் பொருள் தெரியும்.

ஹலோவுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே ‘அலோ’ உண்டு. அதன் மற்ற ஒலிகள் தமிழுக்குத் தொல்லையே தரவில்லை. ஆங்கில எழுத்தில் லகரம் இரட்டித்திருந்தாலும் ஒலியில் ஒன்றுதான். ‘பலி’யையும் ‘பல்லி’யையும் பிரித்தறியும் காது அதை ஒற்றை லகரமாகவே எடுத்துக்கொண்டது. ‘ஹெல்லோ’ என்று எழுதுகிறவர் கண்ணால் கற்றவர். முதல் உயிர் அகரமானதற்கு ஆங்கிலேயரின் தேய்ந்த ஒலிப்பே போதுமான காரணம். பிரிட்டனில் இச்சொல்லை அகரம் தோன்ற எழுதும் வழக்கமும் இருந்தது. ஈற்றில் ஓகார நெடில் தவிர வேறு வழியில்லை: குற்றொகரத்தில் முடியும் சொல்லுக்குத் தொல்காப்பியர் தரும் இடம் ‘நொ’ ஒன்றுக்குத்தான். குறிலும் நெடிலுமாக ‘நிலா’, ‘பலா’ போன்ற நிரையசை அமைந்தது. ஆங்கிலத்தில் இரண்டாம் அசையில் விழும் அழுத்தத்தைத் தமிழில் நெடில் ஏற்றுக்கொண்டது.

முதியவர்களிடம் ‘அலோ’ மிகுதியாகக் கேட்பதில் தொலைபேசிக்கும் பங்கு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1877-இல் எடிசன் தொலைபேசி அழைப்புக்குப் பரிந்துரைத்த சொல் இது. கரிசல் ஊர்களில் பலருக்கு இது முதலில் கருவி வழியாகவே அறிமுகமானது. பழைய கம்பி வழித் தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே கடத்தியது. ஹகரம் வெறும் மூச்சு, வலுவற்றது. இரைச்சலில் முதலில் தொலைவது அதுதான். மறுமுனையில் வந்ததே ‘அலோ’வாக இருந்தால் கேட்டவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதைத் தனிக்காரணமாக்க முடியாது. நன்னூலின் விதியும் அதே திசையில்தான் தள்ளுகிறது.

ஒருவர் மனத்தில் இருப்பது ஹலோவா அலோவா என்பதைத் தனிச்சொல்லாகச் சொல்லச்சொல்லி அறிய முடியாது. கேட்டவுடன் நாவு விழித்துக்கொள்ளும். புணர்ச்சியில் அது தெரியும். ‘பாத்துட்டு ஒரு ஹலோ கூடச் சொல்லாமப் போறான்’ என்பது அன்றாடம் கேட்கும் குறை. உயிரெழுத்து தொடர்ந்தால் ‘ஒரு’வின் உகரம் கெடும்: ஒரு ஆள், ஒராளு. ஆகவே ‘ஒரலோ கூட’ என்று வந்தால் சொல்லின் தலையில் உயிர் இருக்கிறது. பழைய விதி முழுமையாக வேலை செய்திருக்கிறது. உகரம் நின்று ‘ஒரு ஹலோ’ என்று ஒலித்தால் ஹகரம் உயிரோடு இருக்கிறது. அப்போது அது இரண்டு உயிர்களுக்கு நடுவே, ‘மகன்’ சொல்லும் நாவுக்குப் பழகிய இடத்திலேயே நிற்கிறது. தனியே ‘அலோ’ என்பவரே தொடரில் ‘ஒரு ஹலோ’ என்பதும் கூடும். அதை முரண் என்று கொள்ள வேண்டியதில்லை.

எழுத்தில் நிலைமை வேறு. அயல்மொழிப் பெயர்களை எழுதத் தமிழ் எழுத்துகள் போதவில்லை என்று எட்டயபுரத்துப் பாரதி வாதிட்டார். இடைசெவல் கி. ராஜநாராயணனோ அந்த மண்ணின் பேச்சை அப்படியே எழுத்தில் இறக்கினார்; 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியையும் தந்தார். கோவில்பட்டியின் இரு பக்கமும் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி இப்படி வேறுவேறு கவலையாக இருந்திருக்கிறது. இன்று சிறுகதையில் ‘அலோ’ என்று எழுதினால் அது ஒலிக்குறிப்பு மட்டுமல்ல. பேசுகிறவர் முதியவர், படிக்காதவர் என்ற முத்திரையும் கூடவே விழுகிறது. ‘ஓட்டல்’ என்று எழுதுகிறவர் மேல் அந்த முத்திரை விழுவதில்லை. இது நியாயமான பாகுபாடு என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டும் ஒரே விதியின் விளைவுகள்.

கைப்பேசியில் இன்னொரு மாற்றம். ரோமன் எழுத்தில் தட்டும் இளைஞர் பலர் hi என்பதை hai என்றே அனுப்புகிறார்கள். ஆங்கிலம் தெரியாததால் வந்த பிழை என்று இதைத் தள்ளிவிடுவது வழக்கம். தமிழின் ஐகாரத்தை ரோமனில் ai என்று எழுதிப் பழகிய கணக்கில் அது முற்றிலும் சரி. தமிழ் எழுத்தில் ‘ஹாய்’ என்று எழுதும் அதே கை, ரோமனுக்குப் போனதும் ‘ஹை’ என்று எழுதுகிறது. படிக்கிறவரோ அதை ஹாய் என்றே நீட்டிப் படித்துக்கொள்கிறார்.