காதோரம் ஓடும் கோடு

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்து வீடுகளின் கூடத்தில் மாட்டியிருக்கும் பழைய ஸ்டூடியோ படங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நாற்காலியில் விறைப்பாக அமர்ந்திருக்கும் தாத்தாவின் காதுக்குப் பின்னால், சில படங்களில் ஒரு மெல்லிய கோடு இடமிருந்து வலமாக ஓடும். பின்னாலிருந்த திரையின் மூட்டுத் தையல் அது. சரியாகக் காதருகே அது வந்து நின்றதற்குக் காரணம் கேமராக்காரர் அல்ல, நெசவாளியின் கை நீளம்.

தறியில் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடித்த காலத்தில், துணியின் அகலம் கை எட்டும் தூரத்தைத் தாண்ட முடியாது. 1733-இல் இங்கிலாந்தின் ஜான் கே பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை வாங்கி அந்தத் தடையை உடைத்தார். ஆனாலும் உடுத்தும் துணிக்குப் பழகிய அகலம் எளிதில் மாறவில்லை. நம் புடவையின் அகலம் இன்றும் ஏறக்குறைய 45 அங்குலம்தான். அப்படிப்பட்ட துணிகளைப் படுக்கைவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக மூட்டி எட்டடித் திரை தைத்தால், முதல் மூட்டு தரையிலிருந்து 45 அங்குல உயரத்தில் விழும். நாற்காலிப் பலகை 18 அங்குல உயரம். அதில் அமர்ந்தவரின் காது அதற்கு மேலே 27 அங்குலம் போல இருக்கும். கூட்டிப் பாருங்கள், அதே 45. முகத்துக்கு நேர் உயரத்தில் கேமராவை வைத்தால், திரை எவ்வளவு பின்னால் இருந்தாலும் கோடு காதை விட்டு விலகாது. நின்று எடுத்தால் அதே கோடு நெஞ்சுக்குப் பின்னால் போய்விடும். அங்கே யாரும் தேடுவதில்லை. நெடுக்குவாட்டில் மூட்டினாலோ உடம்பு தையலை மறைக்கும், ஆனால் உச்சந்தலையிலிருந்து கொம்பு முளைத்தது போல ஒரு கோடு மேலே கிளம்பும்.

படத்துக்குப் பின்னால் திரை கட்டும் பழக்கத்தைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் அந்துவான் குளோதே. இவர் லண்டனில் கண்ணாடி வியாபாரம் செய்த பிரெஞ்சுக்காரர். 1839-இல் தாகர் தன் புகைப்பட முறையை வெளியிட்டதும் வியாபாரி புகைப்படக்காரரானார். 1841-லேயே ஓவியம் தீட்டிய திரைகளை ஆட்களுக்குப் பின்னால் நிறுத்தத் தொடங்கினார். இருட்டறையில் சிவப்பு விளக்கு எரித்த முன்னோடியும் இவரே.

அந்தக் காலத்தில் கோட்டை மறைக்க ஒரு வேடிக்கையான வழி இருந்தது. வெளிச்சம் காட்ட வேண்டிய நேரம் பல விநாடிகள் நீண்டதால், அமர்ந்தவர் அசையாமல் இருக்க, பின்னாலிருந்த கம்பளியையோ திரையையோ ஒருவர் மெல்ல ஆட்டிக்கொண்டே இருப்பார். அசைந்தது எல்லாம் கலங்கிப் போகும், தையலும் சுருக்கமும் சேர்ந்து. ரசாயனம் வேகமாகி விநாடிகள் குறைந்ததும் இந்தத் தந்திரம் செத்துவிட்டது. முன்னேற்றம் கோட்டைத் திரும்பக் கொண்டுவந்தது என்பதுதான் இந்தக் கதை முழுக்க நடப்பது.

அடுத்து வந்தது பென்சில். 1855-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் மூனிச் நகரத்து ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல், நெகட்டிவிலேயே கைவைத்துத் திருத்தலாம் என்று காட்டி, திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை அருகருகே வைத்தார். அதற்கு மறு ஆண்டே சென்னையில் புகைப்படச் சங்கம் தோன்றியது. தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர், நம் ஓவியக் கல்லூரியின் மூலமான கலைப் பள்ளியைத் தொடங்கிய அதே மருத்துவர். படம் வரைகிற கையும் படம் எடுக்கிற கையும் இங்கே ஆரம்பத்திலேயே பழகிவிட்டன.

ஸ்டூடியோக்காரர்கள் ‘டச்சிங்’ என்றே சொன்ன இந்த வேலையின் தர்க்கம் எளிது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். தையலின் நிழல் படத்தில் கறுப்பாக விழுந்தால், நெகட்டிவில் அது வெளிச்சம் ஊடுருவும் தெளிந்த கோடு. அங்கே பிசினும் டர்பென்டைனும் கலந்த ஒரு திரவத்தைப் பூசிச் சொரசொரப்பாக்கி, ஊசிபோல் சீவிய பென்சிலால் பொடிப்பொடியாகக் கீறி, சுற்றுப்புறத்தின் அடர்த்திக்குக் கொண்டுவருவார்கள். கோடு படத்தில் வெள்ளையாக இருந்தால் வேலை கடினம். நெகட்டிவில் அது கறுப்பு. மெல்லிய கத்தியால் பூச்சைச் சுரண்டியெடுக்க வேண்டும். பென்சில் தப்பினால் அழிக்கலாம், கத்தி தப்பினால் படம் போச்சு. ஆகவே புத்திசாலிகள் கோட்டோடு மல்லுக்கட்டவில்லை. நீள்வட்டமாக வெட்டிய அட்டையை வைத்துப் பிரிண்ட் போட்டு, முகத்தைச் சுற்றி எல்லாம் வெள்ளையில் கரையும்படி விட்டார்கள். தாத்தா பாட்டி படங்களில் நாம் ரசிக்கும் அந்த மங்கல், பல நேரம் பின்னாலிருந்த குறையை ஒளித்த உபாயமும்தான்.

திரைக்குள் திரையை ஒளிப்பது இன்னொரு வழி. தூண், மாடிப்படி, தோட்டம் என்று படுதாவில் வரைந்துவிட்டால் மூட்டு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. இந்தப் படுதாக்கள் நாடகக் கொட்டகையோடு உறவு கொண்டவை. காலண்டர் படங்களால் பெயர்பெற்ற கோவில்பட்டி கொண்டையராஜு முன்பு நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா வரைந்தவர். கடல் கடந்தும் இதே உறவுதான். 1950-இல் பாரிஸில் இர்விங் பென் ஒரு பழைய நாடகத் திரையைப் பின்னால் தொங்கவிட்டு உலகப் புகழ்பெற்ற படங்களை எடுத்தார். அந்தத் துணியைப் பல பத்தாண்டுகள் விடாமல் வைத்திருந்தார். பிறகு அதைப் பார்த்துத் தீட்டிய திட்டுத் திட்டான சாம்பல் திரைகள் உலகமெங்கும் விற்றன. கறைபடிந்த துணிக்கே மவுசு வந்துவிட்டதால் சுருக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கோட்டையே ஒழித்துவிடலாம் என்று வந்தது மூட்டில்லாத காகிதச் சுருள். 2.72 மீட்டர் அகலம், 11 மீட்டர் நீளம். மேலிருந்து வளைத்துத் தரைவரை இழுத்துவிட்டால் சுவரும் தரையும் சேரும் இடம்கூடத் தெரியாது. ஆனால் காகிதத்தில் ஒருமுறை மடிப்பு விழுந்தால் இஸ்திரி போட்டு எடுக்க முடியாது; அந்த அளவை வெட்டி எறிய வேண்டியதுதான். நம் ஊர் ஈரக்காற்றில் அது அலை அலையாக நெளியும். சுருளைப் படுக்கப் போடாமல் செங்குத்தாக நிறுத்தி வைத்தால் நெளிவு குறையும். பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. காசு குறைவு, எந்தப் படத்தையும் அச்சடித்துக்கொள்ளலாம். மடித்து எடுத்து வந்தால் மட்டும் மடிப்பு சதுரம் சதுரமாக நின்றுவிடும், மேலே பளபளப்பும் அடிக்கும்.

இவை அனைத்துக்கும் மலிவான மருந்து தூரம். அமர்ந்தவரைத் திரையிலிருந்து ஆறடி முன்னால் நகர்த்தி, லென்ஸை நன்றாகத் திறந்து எடுத்தால் கோடு தானே கரையும். விளக்கு திரையைப் பக்கவாட்டில் உரசாமல் நேராக விழுந்தால் சுருக்கத்துக்கு நிழலே இருக்காது. ஆனால் பத்துக்குப் பத்து அறையில் கடை நடத்துகிறவருக்கு அந்த ஆறடி எங்கே கிடைக்கும்? கோடு கம்ப்யூட்டருக்குப் போகிறது.

அங்கே காத்திருப்பவர் ஒரு கணித மேதை. சிமியோன் புவாசோன் 1813-இல் ஈர்ப்பு விசை பற்றி ஒரு சமன்பாடு எழுதினார். தாகரின் முறை வெளியான மறு ஆண்டு, 1840-இல் இறந்தார். 2003-இல் கேம்பிரிட்ஜில் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மூவர், ஒரு படத்தின் துண்டை இன்னொன்றில் தையல் தெரியாமல் ஒட்ட அந்தச் சமன்பாட்டைப் பயன்படுத்திக் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே ஃபோட்டோஷாப் 7-இல் Healing Brush வந்திருந்தது. அதன் அடிப்படையும் இதே வகைக் கணக்கு. ஃபோட்டோஷாப் திறக்கும்போது வரும் பெயர்ப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பார்த்து, நம்மூர் ஆள் என்று பெருமைப்படாத கடைக்காரர் குறைவு.

அந்தத் தூரிகை எங்கிருந்தோ துணியின் இழைநயத்தை மட்டும் எடுத்து, நிறத்தைச் சுற்றியுள்ள ஓரங்களிலிருந்து வாங்கிக்கொள்கிறது. அதன் பலமும் பலவீனமும் இதுவே. அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்த படம் ஒன்று என்று வையுங்கள். சாம்பல் துணி, அம்மாவின் காதருகே மடிப்பு, தலையில் மல்லிகைச் சரம், கலைந்த இரண்டு மூன்று முடி. பெரிதாக்கிப் பார்த்தால் மடிப்பு ஒரு கோடல்ல, இரண்டு: விளக்கைப் பார்க்கும் பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. முதலில் வெற்று லேயர் ஒன்று போட்டு, தூரிகையில் Current & Below என்று வைத்துக்கொள்ள வேண்டும். அசல் கெடாது. ஆளைவிட்டு விலகிய பகுதியை Healing Brush நொடியில் முடித்துவிடும். கூந்தலை நெருங்கும்போது நிறுத்திவிட வேண்டும். ஓரத்தில் கறுப்பு இருந்தால் அந்தக் கறுப்பையும் அது உள்ளே இழுத்து, திரையில் அழுக்குப் பூசிவிடும்.

அங்கிருந்து Clone Stamp. கோட்டுக்கு நேர் மேலே, அதே செங்குத்து வரிசையில் மாதிரி எடுக்க வேண்டும். வெளிச்சம் இடமிருந்து வலமாகக் குறைவதால் பக்கவாட்டில் எடுத்தால் திட்டுத் தெரியும். வெள்ளைக் கோட்டை Darken முறைக்கு மாற்றிய தனி வெற்று லேயரில் அழித்தால், மாதிரியைவிட வெளிறிய புள்ளிகள் மட்டும் மாறும்; கறுப்பு முடி தப்பிக்கும். மல்லிகை வெள்ளை என்பதால் தப்பாது, அதை முன்கூட்டியே வளைத்துக் காப்பாற்ற வேண்டும். கறுப்புக் கோட்டுக்கு Lighten முறையில் இன்னொரு லேயர் வேண்டும், அது முடியையும் சேர்த்து விழுங்கும். பிறகு இரண்டு பிக்சல் தூரிகையால் முடியைத் திரும்ப வரைவதுதான் வழி. பழைய பென்சில்காரரின் கை மறுபடி இங்கே தேவைப்படுகிறது.

பலர் செய்யும் குறுக்குவழி திரை முழுவதையும் மழுக்கிவிடுவது. கோடு போகும், கூடவே துணியும் போகும். அச்சில் வெளிச்சம் பட்டை பட்டையாக உடையும், முகம் ஒட்டவைத்தது போல் நிற்கும். மழுக்கித்தான் ஆக வேண்டுமென்றால் Add Noise-இல் சிறிது பொடியைத் திரும்பத் தூவி, படத்தின் மற்ற இடத்தோடு ஒப்பிட வேண்டும். முடிந்ததும் மேலே ஒரு Curves லேயர் போட்டு மாறுபாட்டை அளவுக்கு மீறி ஏற்றிப் பார்த்தால், கண்ணுக்குத் தப்பிய மிச்சக் கோடும் இருமுறை பதிந்த திட்டும் வெளியே வரும். சரிசெய்துவிட்டு அந்த லேயரை நீக்கிவிடலாம்.

புதுப் படங்களுக்கு இதெல்லாம் சரி. பழைய படங்களில் எனக்குக் கை நடுங்கும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸோயி ஹெட்லி முதலானோர், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி எண்ணிம வடிவில் சேர்த்தார்கள். கடை முத்திரை இல்லாத ஒரு படம் எந்த ஸ்டூடியோவில் எடுத்தது என்று கண்டுபிடிக்கப் பின்திரையும் ஒரு சாட்சி. ஒரே படுதா, ஒரே இடத்தில் ஒரே மூட்டு என்று இரண்டு படங்கள் ஒத்துப்போனால் அது சாதாரணத் தடயம் அல்ல. ஆகவே வீட்டுப் பழைய படத்தை ஸ்கேன் செய்து சுத்தம் செய்யக் கொடுக்கும்போது, கோட்டோடு இருக்கும் முதல் பிரதியையும் திருத்தாமல் தனியாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.